ஏஜென்சி மூலமா வந்த ஆஃபரை வேணாம்னு சொல்றது எப்படி: சிங்கப்பூருக்கு புதுசா வந்தவங்களுக்கு

ஆஃபர் வந்துருச்சு, ஆனா போக மனசு இல்ல, ரெக்ரூட்டர்கிட்ட இதை எப்படி சொல்றது, சொன்னா அடுத்த தடவை நம்மள கூப்பிடுவாங்களா? இங்க புதுசா வந்தவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான். நான் ரெக்ரூட்மெண்ட் ஏஜென்சில வேலை பார்த்தவ, இந்த மாதிரி போன்காலை அந்தப் பக்கம் உக்காந்து எடுத்தவ, அதனால அந்தப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் படிப்படியா என்ன செய்யணும்னு சொல்றேன். ஏஜென்சி வழியா வந்த ஆஃபர் பத்தி மட்டும்தான் பேசப்போறேன், கம்பெனி ஹெச்ஆர் நேரடியா கொடுத்த ஆஃபர்னா இதுல பாதி அப்படியே பொருந்தும், மீதி பொருந்தாது.

ரெக்ரூட்டருக்கு எது வலிக்குது

ஆஃபீஸ் வேலைகளுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சிகள் பெரும்பாலும் ஆள் போய் சேர்ந்தா மட்டும்தான் கம்பெனிகிட்டேருந்து காசு வாங்கும். பொதுவா உங்க வருஷ சம்பளத்துல ஒரு சதவீதம், 15-லேருந்து 25 வரைக்கும் இருக்கும். மாசம் 7,300 வெள்ளி வேலைன்னா வருஷத்துக்கு 87,600, அதுல 20 சதவீதம் போட்டா 17,520 வெள்ளி. நீங்க வேணாம்னு சொன்னா அந்த பில் போகாது, ரெக்ரூட்டரோட மாச டார்கெட்ல அது ஓட்டையா நிக்கும். அவங்க குரல் ஒரு நிமிஷம் மாறும்னா அதுக்குக் காரணம் இது, உங்க மேல கோவம்னு எடுத்துக்க வேணாம்.

ஆனா இதுல ரெண்டு விஷயம் புதுசா வந்தவங்களுக்குத் தெரியுறதில்ல. ஒண்ணு, அந்த வேலைக்கு கம்பெனி பார்த்த ஆள் நீங்க மட்டும் இல்ல, கடைசி ரவுண்டுல ரெண்டாவது ஆள் ஒருத்தர் இருப்பாரு, உங்க கையெழுத்து வர்ற வரைக்கும் அவர்கிட்ட "இன்னும் கம்பெனி யோசிக்கிறாங்க"ன்னு சொல்லி ரெக்ரூட்டர் இழுத்துப் பிடிச்சு வச்சிருப்பாங்க. நீங்க சீக்கிரம் வேணாம்னு சொன்னா அந்த ரெண்டாவது ஆள் இன்னும் கையில இருப்பாரு, அவரே வேற ஏஜென்சியோட ஆளா இல்லாத பட்சத்துல பில்லும் கை நழுவாம தப்பிக்கும். நாலு நாள் கழிச்சு சொன்னா அவர் வேற எங்கயாவது சைன் பண்ணிட்டிருப்பாரு. ஆக ரெக்ரூட்டருக்கு உங்க "நோ"வால எவ்வளவு நஷ்டம்ங்கிறதை முக்காவாசி தீர்மானிக்கிறது நீங்க அதை எந்த நாள்ல சொன்னீங்கங்கிறதுதான். எவ்வளவு பணிவா சொன்னீங்கங்கிறது ரெண்டாவதுதான்.

இன்னொண்ணு, ஏஜென்சி ஒப்பந்தத்துல கேரண்டி பீரியட்னு ஒண்ணு இருக்கும், நிறைய இடத்துல மூணு மாசம். அதுக்குள்ள நீங்க வேலைய விட்டா ஏஜென்சி வேற ஆள் இலவசமா புடிச்சுத் தரணும், இல்ல வாங்கின காசுல ஒரு பகுதியைத் திருப்பித் தரணும். அதனால அரை மனசா போய் சேர்ந்து ரெண்டாவது மாசம் ஓடிப்போற ஆளைவிட இப்பவே வேணாம்னு சொல்ற ஆள் அவங்களுக்கு எவ்வளவோ மேல். "பாவம் இவ்வளவு உழைச்சாங்களே, சேர்ந்து பாத்துட்டு பிடிக்கலைன்னா விட்டுருவோம்"னு நினைச்சு போறவங்க நல்லது செய்றதா நினைச்சு ரொம்பப் பெரிய கெடுதல் செய்றாங்க. தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி: இது நோ-வா, பேரமா?

ஆஃபர் லெட்டரைத் திறந்து உங்களுக்கு ஒத்துவராதது எதுன்னு ஒரு வரில எழுதிப் பாருங்க. அது சம்பளமோ, லீவு நாளோ, சேர வேண்டிய தேதியோன்னா அது பேசி மாத்தக்கூடிய விஷயம், அதை வேணாம்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, "500 வெள்ளி ஏத்தினா சைன் பண்ணுவேன்"னு நேரா கேளுங்க, ரெக்ரூட்டர் சந்தோஷமா போய் கேப்பாங்க, ஏன்னா சம்பளம் கூடினா அவங்க பில்லும் கூடும். ஆனா 500 ஏத்திக் கொடுத்தப்புறம் "இல்லங்க, எனக்கு அந்த இடமே தூரம்"னு சொன்னீங்கன்னா அவங்க கம்பெனிகிட்ட போய் உங்களுக்காகப் பேசினதுக்கு மரியாதையே இல்லாம போயிடும், இந்த ஒரு விஷயத்துலதான் நிறைய பேர் உறவைக் கெடுத்துக்குறாங்க. பணம் எவ்வளவு ஏத்தினாலும் போகமாட்டேன்னா பணத்தைப் பத்தி வாயே திறக்காதீங்க.

அதே மாதிரி "எவ்வளவு கொடுத்தா வருவீங்க?"ன்னு போன்ல கண்டிப்பா கேப்பாங்க, அது அவங்க வேலை. அதுக்கான பதிலை போன் போடுறதுக்கு முன்னாடியே மனசுல வச்சுக்கங்க.

ஒரு கேஸை முழுசா பாப்போம்

ஒரு தம்பி, தளவாட கம்பெனி ஒண்ணுல சிஸ்டம்ஸ் சப்போர்ட் வேலை, சம்பளம் 6,400 வெள்ளி, எம்பிளாய்மெண்ட் பாஸ், வீடு செங்காங்ல. ஏஜென்சி ஒண்ணு மூலமா 7,300-க்கு ஆஃபர். இண்டர்வியூ ரெண்டு ரவுண்டும் ஊருக்குள்ள இருக்கிற தலைமை ஆஃபீஸ்ல நடந்துச்சு, அதனால வேலையும் அங்கதான்னு நினைச்சுட்டாரு. செவ்வாய் சாயங்காலம் ரெக்ரூட்டர் போன்ல "வாழ்த்துகள்"னு சொன்னாங்க, புதன் காலைல லெட்டர் இமெயில்ல வந்துச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள பதில் சொல்லணும். லெட்டர்ல வேலை இடம்னு போட்டிருந்தது துவாஸ்.

செங்காங்லேருந்து துவாஸ் லிங்க் போகணும்னா வடகிழக்கு ரயில்ல ஊட்ரம் பார்க் வரைக்கும் வந்து, அங்க கிழக்கு மேற்கு லைனுக்கு மாறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகணும், அப்புறம் அங்கேருந்து பஸ். வீட்டு வாசல்லேருந்து ஆஃபீஸ் வாசல் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வேலை முடியுறது 6 மணி, பிள்ளைய விட்டிருக்கிற சைல்ட்கேர் 7 மணிக்கு மூடும், வீட்டுக்காரம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை. கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒத்துவரல. சம்பளம் 900 வெள்ளி கூடுது, ஆனா பிள்ளையக் கூப்பிட ஆள் இல்ல. புதன் ராத்திரியே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க.

அந்தத் தம்பி என்கிட்ட கேட்டது, "அக்கா, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே, ரொம்ப சீக்கிரம் சொன்னா யோசிக்கவே இல்லன்னு நினைப்பாங்களோ, வெள்ளி மத்தியானம் இமெயில் போட்டுடவா?" நான் சொன்னது, வேணாம் தம்பி, நாளைக்கு காலைல போன் போடு. ஏன்னு மேல சொல்லிட்டேன், அந்த ரெண்டாவது ஆள். வெள்ளி சாயங்காலம் சொன்னா ரெக்ரூட்டர் கம்பெனிகிட்ட பேசவே திங்கள் ஆயிடும், சனி ஞாயிறு முழுக்க அந்த ரெண்டாவது ஆள் எங்கயோ போயிட்டா எல்லாம் முதல்லேருந்து. கெடுங்கிறது உங்களுக்கு யோசிக்கக் கொடுத்த நேரம், முடிவு எடுத்தப்புறம் அதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கத் தேவையில்ல.

போன் முதல்ல, இமெயில் அப்புறம்

முதல் தகவல் போன்ல போகணும். இங்க எல்லாமே வாட்ஸ்அப்லதான் ஓடுது, ரெக்ரூட்டரும் உங்ககிட்ட வாட்ஸ்அப்லதான் பேசியிருப்பாங்க, இருந்தாலும் இதை மட்டும் மெசேஜ்ல சொல்லாதீங்க. மெசேஜ் பாத்தா அவங்களால கேள்வி கேக்க முடியாது, கேள்வி கேக்காம கம்பெனிகிட்ட போனா அவங்க கையில சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. காலைல ஒன்பதரை பத்து மணிக்குப் போடுங்க, அன்னைக்கு முழு நாளும் அவங்களுக்குக் கிடைக்கும். எடுக்கலைன்னா "ஆஃபர் பத்தி பேசணும், எப்ப ஃப்ரீ?"ன்னு ஒரு வரி அனுப்புங்க. "நல்ல செய்தி இல்ல"ன்னு குறிப்பு காட்டினாலும் தப்பில்ல, அவங்க தயாரா எடுப்பாங்க.

இங்கிலீஷ்லதான் பேசுவீங்க, நான் அந்தத் தம்பி பேசின வரிசைய தமிழ்ல சொல்றேன். முதல் வாக்கியத்துலயே முடிவு: "நான் இந்த ஆஃபரை எடுத்துக்கல, அதை உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்." அப்புறம் காரணம், ஒண்ணே ஒண்ணு: "வேலை இடம் துவாஸ்னு லெட்டர்லதான் பாத்தேன், செங்காங்லேருந்து ஒன்றரை மணி நேரம், பிள்ளையோட சைல்ட்கேர் 7 மணிக்கு மூடுது, சம்பளத்தை ஏத்தினாலும் இது மாறாது." அப்புறம் நிறுத்திட்டு அவங்களைப் பேச விட்டாரு.

இதுல நான் சொல்லிக்கொடுத்தது முதல் வாக்கியமும் அந்த நிறுத்தமும்தான். நம்ம ஆளுங்க பெரும்பாலும் தலைகீழா பண்ணுவோம், முதல்ல நன்றி, அப்புறம் கம்பெனி எவ்வளவு நல்லதுன்னு, அப்புறம் குடும்பம், அப்புறம் ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சுத்தி வளைச்சு வருவோம், அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இவர் சம்பளம் ஏத்தக் கேக்குறாரா, டைம் கேக்குறாரா, வேணாம்ங்கிறாரா ஒண்ணும் புரியாது. ஒண்ணுக்கு மேல காரணம் சொன்னா இன்னும் மோசம், அவங்க ஒவ்வொண்ணா எடுத்து அதுக்குத் தீர்வு சொல்ல ஆரம்பிச்சுருவாங்க, நீங்க ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஒரு காரணம் தேடணும், அதுல ஏதாவது ஒண்ணு பொய்யா போயிடும்.

காரணம் ஏன் இவ்வளவு குறிப்பா இருக்கணும்னா, ரெக்ரூட்டர் அடுத்த அரை மணி நேரத்துல கம்பெனிக்குப் போன் போட்டு உங்க பேரை சொல்லணும். "தனிப்பட்ட காரணமாம்"னு சொன்னா கம்பெனி நினைக்கிறது, இந்த ஏஜென்சி சரியா விசாரிக்காம ஆளை அனுப்பிட்டாங்கன்னு. "வேலை இடம் துவாஸ்னு இண்டர்வியூல யாரும் சொல்லல, லெட்டர்லதான் வந்துச்சு"ன்னு சொன்னா அது கம்பெனிக்கே உபயோகமான தகவல், ரெக்ரூட்டர் தலை நிமிர்ந்து பேசலாம், அடுத்த ஆளுக்கு முதல்லயே துவாஸ்னு சொல்லிடுவாங்க. துவாஸ்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதையும் மறைக்காதீங்க, "தெரியும், சமாளிக்கலாம்னு நினைச்சேன், இப்ப கணக்கு போட்டுப் பாத்தா முடியல"ன்னு சொன்னா போதும். அது அவங்களுக்கு எரிச்சலா இருக்கும், ஆனா நம்புவாங்க.

அந்த ரெக்ரூட்டர் என்ன சொன்னாங்கன்னா, வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேருந்து வேலை கொடுத்தா பரவாயில்லயான்னு கேட்டாங்க. இந்த மாதிரி கேள்வி வந்தா உடனே பதில் சொல்லணும்னு இல்ல, ஆனா "யோசிச்சு சொல்றேன்"னு சொன்னா நிஜமா யோசிக்கணும், அன்னைக்கே பதில் சொல்லணும். தம்பி ஏற்கெனவே அதையும் வீட்டுல பேசிட்டுத்தான் போன் போட்டாரு, மீதி மூணு நாள் அப்பவும் பிள்ளையக் கூப்பிட ஆள் இல்ல, அதனால "அப்பவும் முடியாதுங்க"ன்னு அங்கயே முடிச்சாரு. மொத்தம் ஏழெட்டு நிமிஷப் பேச்சு.

போன் வச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள இமெயில். போன்ல சொன்ன அதே விஷயம், அதே காரணம், எழுத்துல, ஏன்னா ரெக்ரூட்டர் அதை அப்படியே கம்பெனிக்கு ஃபார்வர்ட் பண்ணுவாங்க. அதனால கம்பெனி மேனேஜர் படிக்கிற மாதிரி எழுதுங்க. அவர் எழுதினது கிட்டத்தட்ட இப்படி:

"காலையில் தொலைபேசியில் சொன்னதுபோல், சிஸ்டம்ஸ் சப்போர்ட் பணிக்கான உங்கள் ஆஃபரை நான் ஏற்கவில்லை. பணியிடம் துவாஸ் என்பது கடிதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. என் வீட்டிலிருந்து அங்கு தினமும் போய்வரும் நேரம் குழந்தையைக் கூட்டிவரும் நேரத்தோடு ஒத்துவரவில்லை. சம்பளமும் வேலையும் எனக்குப் பிடித்திருந்தன. இரண்டாவது இண்டர்வியூவில் குழுவினர் தங்கள் வேலைமுறையை விளக்க நேரம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி."

அவ்வளவுதான். "எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால்"னு கம்பெனிக்குப் போற இமெயில்ல கெஞ்ச வேணாம், அதை ரெக்ரூட்டர்கிட்ட தனியா பேசிக்கலாம். இன்னொரு விஷயம், உங்களை இண்டர்வியூ பண்ணின மேனேஜர் லிங்க்ட்இன்ல இருப்பாரு, அவருக்கு நேரா நன்றி எழுதணும்னு தோணும், தப்பில்ல, ஆனா ரெக்ரூட்டர் கம்பெனிகிட்ட பேசி முடிச்சாச்சான்னு கேட்டுட்டு எழுதுங்க. உங்க செய்தி முதல்ல போயிட்டா ரெக்ரூட்டர் தன்னோட கஸ்டமர் வாயால கேள்விப்படணும், அது அவங்களுக்குப் பெரிய அவமானம்.

சொல்லக் கஷ்டமான காரணங்கள்

இப்ப இருக்கிற முதலாளி சம்பளத்தை ஏத்திக் கொடுத்துட்டாரு, அதனால போகலங்கிறது ரொம்ப சகஜம். ரெக்ரூட்டர்களுக்கு கேக்கப் பிடிக்காத காரணம் இதுதான், ஏன்னா முதல் போன்லயே "உங்க கம்பெனி ஏத்திக் கொடுத்தா இருந்துருவீங்களா?"ன்னு கேட்டிருப்பாங்க, நீங்களும் "இல்லவே இல்ல"ன்னு சொல்லியிருப்பீங்க. அதுக்காக வேற கதை கட்டாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு லிங்க்ட்இன்ல அதே கம்பெனி பேர்ல புது பதவியோட நீங்க நிக்கறதை அவங்க பாப்பாங்க. "முன்னாடி இல்லன்னு சொன்னேன், அப்ப அதை நிஜமாத்தான் சொன்னேன், இப்ப அவங்க பதவியும் சேர்த்துக் கொடுத்தப்போ மாத்திக்கிட்டேன்"னு நேரா சொல்லிடுங்க.

வேற ஆஃபர் எடுத்துட்டீங்கன்னா "எந்த கம்பெனி?"ன்னு கேப்பாங்க. இதுல பாதி ஆர்வம், பாதி தொழில், எந்த கம்பெனி ஆள் எடுக்குதுன்னு தெரிஞ்சா அங்க போய் பேசுவாங்க. சொல்லணும்னு கட்டாயம் இல்ல. "பேங்க் சைடு, சம்பளம் எட்டாயிரத்துக்குப் பக்கம், பேரை சேர்ந்தப்புறம் சொல்றேன்"னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, சம்பள அளவு தெரிஞ்சதே அவங்களுக்கு கம்பெனிகிட்ட பேச உதவும். சொன்ன மாதிரி சேர்ந்தப்புறம் சொல்லிடுங்க, நிறைய பேர் அதை மறந்துருவாங்க.

சைன் பண்ணியாச்சு, இல்ல பாஸ் அப்ளை பண்ணியாச்சுன்னா

மேல சொன்னது எல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி. கையெழுத்து போட்டப்புறம் மனசு மாறினா விஷயம் வேற, அது ஒப்பந்தம். லெட்டரை எடுத்து நோட்டீஸ் பகுதியப் படிங்க, சேர்றதுக்கு முன்னாடி விலகினாலும் நோட்டீஸ் சம்பளம் கட்டணும்னு சில கம்பெனி எழுதியிருக்கும். ஒரு மாச நோட்டீஸ்னு இருந்தா மேல சொன்ன கேஸ்ல அது 7,300 வெள்ளி. கேப்பாங்களா மாட்டாங்களாங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனா படிக்காம போன் போடாதீங்க. வரிகள் புரியலைன்னா ஒப்பந்தம் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

பாஸ் தேவைப்படுறவங்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடிக்கிட்டிருக்கும். நீங்க போன்ல சரின்னு சொன்ன உடனே கம்பெனி வேலைய ஆரம்பிச்சுரும். எம்பிளாய்மெண்ட் பாஸ், அதாவது ஈபி, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அந்த வேலைய மைகெரியர்ஸ்ஃபியூச்சர் தளத்துல குறைஞ்சது 14 நாள் விளம்பரம் பண்ணியிருக்கணும், சின்ன கம்பெனி மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. 2023 செப்டம்பர்ல காம்பஸ் புள்ளி முறை வந்ததுக்கப்புறம் படிப்புக்குப் புள்ளி வேணும்னா டிகிரி சரிபார்ப்பு சான்றும் வைக்கணும், இந்தியா டிகிரின்னா அதுக்கே நாள் பிடிக்கும். அப்புறம் மனிதவள அமைச்சான எம்ஓஎம்-க்கு விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி, அது திரும்ப வராது. அதனால மனசு ஊசலாடுதுன்னா டாக்குமெண்ட் கேக்கும்போதே ரெக்ரூட்டர்கிட்ட சொல்லுங்க, "இன்னும் முடிவு பண்ணல, வியாழன் வரைக்கும் பாஸ் அப்ளை பண்ண வேணாம்னு சொல்லுங்க." வாய்ல சரின்னு சொல்லிட்டு பாஸ்போர்ட் காப்பி அனுப்பிட்டு அப்புறம் பின்வாங்குறதுதான் கம்பெனி ஹெச்ஆர்க்கு ரொம்ப கோவம் வரவைக்கும், அந்தக் கோவம் நேரா ரெக்ரூட்டர் தலையிலதான் விழும்.

பாஸுக்குக் கொள்கையளவுல ஒப்புதல் சொல்ற ஐபிஏ லெட்டரே வந்துருச்சுன்னா ரெக்ரூட்டர்கிட்ட சொல்லி, அந்த பாஸை எடுக்காம ரத்து பண்ண கம்பெனிய எழுத்துல கேளுங்க. இப்ப நீங்க வேலை பாக்குற கம்பெனியோட ஈபி இன்னும் உயிரோட இருந்தா நீங்க பாட்டுக்கு அதுலயே தொடரலாம், புது பாஸ் எடுக்கணும்னாதான் பழசை ரத்து பண்ணணும். சிக்கல் எங்கன்னா, ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துட்டீங்கன்னா. கடைசி நாள் முடிஞ்சு பழைய பாஸ் ரத்தானா இங்க தங்க கிடைக்கிறது பொதுவா 30 நாள், குடும்பத்தோட டிபென்டன்ட் பாஸும் அதோட சேர்ந்துதான் போகும். அந்த நிலைமையில வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி பழைய மேனேஜர்கிட்ட ராஜினாமாவை வாபஸ் வாங்க முடியுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க, அப்புறமா ரெக்ரூட்டருக்குப் போன் போடுங்க. இந்த ஒரு கேஸ்ல மட்டும்தான் உடனே சொல்லாம ஒரு நாள் தள்ளுங்கன்னு நான் சொல்லுவேன்.

எந்த நிலைமையிலயும் பண்ணக்கூடாதது, போனை எடுக்காம இருக்கிறது. ஏஜென்சி சிஸ்டத்துல உங்க பேருக்குக் கீழ குறிப்பு எழுதி வைப்பாங்க, "ஆஃபர் நிராகரித்தார், காரணம் துவாஸ் தூரம்"னு இருந்தா அடுத்த ரெக்ரூட்டர் படிச்சுட்டு செராங்கூன் பக்கம் வேலை வந்தா உங்களைக் கூப்பிடுவாங்க. "சைன் பண்ணிட்டு பதில் இல்ல"ன்னு இருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க, நீங்க பேசின ரெக்ரூட்டர் அந்த ஏஜென்சிய விட்டுப் போயிருந்தாலும் குறிப்பு அங்கயே இருக்கும். அவங்க போற இடமும் பெரும்பாலும் இன்னொரு ஏஜென்சி, இல்லன்னா நீங்க அடுத்து விண்ணப்பிக்கப் போற கம்பெனியோட ஹெச்ஆர்.

பின்வாங்கினா எங்களுக்குக் காசு கட்டணும்னு ஏஜென்சியே உங்களை மிரட்டினா, நீங்க அவங்களோட என்ன பேப்பர்ல கையெழுத்து போட்டீங்கன்னு முதல்ல தேடுங்க. நான் மேல சொன்ன மாதிரியான ஏஜென்சிக்கு காசு கம்பெனிதான் கொடுக்கும். ஏஜென்சிக்கும் அதுல வேலை பாக்குறவங்களுக்கும் எம்ஓஎம் கொடுத்த லைசென்ஸ், பதிவு எண் இருக்கும், எம்ஓஎம் தளத்துல தேடிப் பாக்கலாம், அதுல பேரே இல்லன்னா அவங்களோட நல்லுறவு வச்சுக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்ல.

அப்புறம் வர்ற மாசங்கள்ல

நோ சொன்ன அதே போன் பேச்சோட கடைசில, அவங்க கொஞ்சம் ஆறினப்புறம், ரெண்டு விஷயம் சொல்லி வைங்க. உங்களுக்கு எது ஒத்துவரும்னு: எந்தப் பக்கம், எவ்வளவு சம்பளம், எந்த மாதிரி வேலை. அப்புறம் எப்ப மறுபடி பேசலாம்னு. இங்க நிறைய கம்பெனில டிசம்பர்ல 13-வது மாச சம்பளம், வருஷ போனஸ் மார்ச் ஏப்ரல் பக்கம் வரும், அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரும் அசைய மாட்டாங்கன்னு ரெக்ரூட்டருக்கும் தெரியும், அதனால "போனஸ் வந்தப்புறம் கூப்பிடுங்க"ன்னு சொன்னா அவங்க காலண்டர்ல போட்டு வச்சுக்குவாங்க. "ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னு பொதுவா சொன்னா யாரும் எங்கயும் குறிச்சு வைக்க மாட்டாங்க.

நமக்குப் பதிலா வேற ஆளைக் காட்டி விடலாமான்னு கேட்டா என் பதில், காட்டி விடுங்க, ஆனா நிஜமா பொருந்துற ஆள் இருந்தா மட்டும். அந்தத் தம்பி ஜூரோங் வெஸ்ட்ல இருக்கிற தன்னோட பழைய சக ஊழியர்கிட்ட முதல்ல கேட்டு, அவர் சரின்னு சொன்னப்புறம் மறுநாள் ரெக்ரூட்டருக்கு நம்பர் கொடுத்தாரு. துவாஸ் அவருக்குப் பக்கம்தான். வேலை கடைசில அந்த ரெண்டாவது ஆளுக்குத்தான் போச்சு, ஆனா அந்த சக ஊழியரோட பேரும் அந்த ரெக்ரூட்டர் லிஸ்ட்ல ஏறிடுச்சு. பொருந்தாத ஆளையெல்லாம் குற்ற உணர்ச்சில அனுப்பி வச்சீங்கன்னா அவங்க நேரம்தான் வீணாப் போகும்.

மூணு நாலு மாசம் கழிச்சு ஒரு மெசேஜ் போடுங்க, அதுல ஒரு புதுத் தகவல் இருக்கணும்: புது சர்டிபிகேட் முடிச்சிருக்கீங்க, டீம் லீட் ஆயிட்டீங்க, வீடு மாறி பிடோக் பக்கம் வந்துட்டீங்க, அந்த மாதிரி. ரெக்ரூட்டர் உங்க பேரை தேடி ஃபைலைத் திறந்து அந்த வரியை மாத்துவாங்க, திறந்த உடனே கையில இருக்கிற வேலைக்கு பொருந்துறீங்களான்னு பாப்பாங்க. தீபாவளி, சீனப் புத்தாண்டுக்கு வாழ்த்துப் படம் மட்டும் அனுப்பினா அந்த ஃபைல் திறக்காது.

அவங்க மறுபடி ஒரு வேலையோட கூப்பிட்டா, இண்டர்வியூக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே, போன தடவை எதனால நின்னுச்சோ அதை முதல் கேள்வியா கேளுங்க, வேலை எங்க, எத்தனை மணிக்கு முடியுது, பாஸ் யார் அப்ளை பண்றாங்க. பொருந்தலைன்னா அந்த போன்லயே வேணாம்னு சொல்லிடுங்க. அந்தக் கட்டத்துல சொல்ற நோ-வால ரெக்ரூட்டருக்கு ஒரு பைசா செலவில்ல.